காலி மனையில் வேலி முளைத்தால்: காவல் நிலையமா, உரிமையியல் நீதிமன்றமா?

வெளியூரில் வேலை பார்ப்பவர் புறநகரில் ஒரு மனையை வாங்கிப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நம் ஊரில் சாதாரணமாக நடப்பதுதான். ஒரு நாள் போய் நிற்கும்போது அங்கே கல்கால் நட்டு முள்கம்பி இழுத்திருப்பதையும், யாரோ ஒருவரின் பெயரில் போர்டு மாட்டியிருப்பதையும் பார்த்தால், நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் ஓடத் தோன்றும். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பதாக இருக்கும். அந்தப் பதில் சில நேரம் சட்டப்படி மிகச் சரியானது. சில நேரம் வேலையைத் தட்டிக்கழிக்கும் வழி. எது எப்போது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலர் முதல் ஆறு மாதத்தை வீணாக்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் தனியாருக்குச் சொந்தமான காலி மனையை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். புறம்போக்கு நிலத்தின் ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது; அது வேறு கதை.

விளக்குவதற்கு ஒரு கற்பனை நிகழ்வை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருவர் 2009இல் செங்கல்பட்டுப் பக்கம் 2,400 சதுர அடி மனையைக் கிரையம் செய்தார். பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றவில்லை. நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டிருந்தார். 10.08.2025 ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தபோது, அந்த நான்கு கற்களும் பிடுங்கப்பட்டு, சுற்றிலும் வேலி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு, அதாவது 8ஆம் தேதி, டிராக்டரில் கல்கால்களை இறக்கினார்கள் என்று எதிரில் உள்ள மளிகைக் கடைக்காரர் சொன்னார். அங்கிருந்த ஒருவர், "இது நாங்க வாங்கின இடம், இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

முதலில் செய்ய வேண்டியது

வேலியைப் பிடுங்கக் கூடாது. உங்கள் மனையில் நிற்கும் கல்லை நீங்களே அகற்றினால் என்ன தப்பு என்று கேட்கலாம். அத்துமீறுபவர் நுழைந்துகொண்டிருக்கும்போதே அவரைத் தடுக்கவும், தேவையான அளவுக்கு மட்டும் பலம் பயன்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வேலி போட்டு முடித்துவிட்ட பிறகு பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போனால், மறுநாள் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில் எதிரியாக உங்கள் பெயர் இருக்கும். எதிர்த்தரப்பு பல நேரம் அதற்காகவே காத்திருக்கிறது.

செய்ய வேண்டியது, பார்த்ததை அப்படியே பிடித்து வைப்பது. பக்கத்து மனையும் தெருவும் சேர்ந்து தெரிகிற மாதிரிப் படம் எடுக்க வேண்டும். வெறும் கல்காலை நெருக்கத்தில் எடுத்த படம் எந்த மனை என்று யாருக்கும் சொல்லாது. போர்டில் எழுதியிருக்கும் பெயர், கைப்பேசி எண், பத்திர எண் ஆகியவை படிக்கும்படி வர வேண்டும். பிடுங்கிப் போட்ட பழைய எல்லைக்கல் அங்கேயே கிடந்தால், அதை நகர்த்தாமல் படம் எடுக்க வேண்டும். சிமென்ட் ஈரம் காயாமல் இருப்பதும், தோண்டிய மண் புதிதாகக் குவிந்திருப்பதும் வேலை எத்தனை நாளுக்கு முந்தையது என்பதைக் காட்டும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. சென்ற ஆண்டு வரை அங்கே வேலி இல்லை என்பதை அதில் எடுத்து வைத்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும்.

அன்றோ மறுநாளோ tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய ஆண்டுக்கு முன்பிருந்து இன்று வரை எடுப்பது நல்லது. eservices.tn.gov.in தளத்தில் பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதையும், நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்படத்தையும் பார்க்கலாம். இந்த இரண்டும் கைக்கு வருவதற்கு முன்னால் யாருக்கு எதிராக என்ன புகார் என்று முடிவு செய்ய முடியாது. ஏனென்றால், இனி எடுக்க வேண்டிய முடிவு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: வேலி போட்டவரிடம் காகிதம் இருக்கிறதா, இருந்தால் அது எப்படிப்பட்ட காகிதம்?

காகிதமே இல்லாதவர்

வில்லங்கச் சான்றில் உங்கள் பத்திரத்துக்குப் பிறகு எந்தப் பதிவும் இல்லை, வேலி போட்டவரும் எதையும் காட்டவில்லை என்றால், இது காவல் நிலையத்துக்கு உரிய விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவு குற்றமுறு அத்துமீறலைச் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 441, 447 என்று இருந்ததுதான் இது. தண்டனை 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறியதுதான்; ஆனாலும் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். எல்லைக்கல்லைப் பிடுங்கியது சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றமாகவும், கை கால் போய்விடும் என்று சொல்லியிருந்தால் அது குற்றமுறு மிரட்டலாகவும் தனித்தனியே வரும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது மட்டுமே குற்றம் ஆகாது. குற்றம் செய்ய வேண்டும், அல்லது நிலத்தைத் தம் கைவசத்தில், அதாவது சுவாதீனத்தில், வைத்திருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்திருக்க வேண்டும். தொல்லை ஏற்படும் என்று தெரிந்திருந்தது போதாது, அதுவே நோக்கமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இலேயே சொல்லிவிட்டது. ஆகவே, "இது என் இடம்" என்று உண்மையாகவே நம்பி, அதற்கு ஓர் ஆதாரத்தையும் கையில் வைத்திருப்பவர் மீது இந்தப் பிரிவு சுலபமாக நிற்காது. நிலைய அதிகாரி "சிவில் மேட்டர்" என்று சொல்வதற்குச் சட்டத்தில் உள்ள நியாயமான காரணம் இதுதான்.

புகார் மனு எழுதும் விதம்

நான் பார்த்த புகார் மனுக்களில் பெரும்பாலானவை பத்திர வரலாறாகவே இருக்கின்றன: தாத்தா வாங்கியது, பாகப்பிரிவினை ஆனது, பிறகு கிரையம் ஆனது என்று மூன்று பக்கம் போய், கடைசி இரண்டு வரியில்தான் வேலி வருகிறது. படிக்கும் அதிகாரிக்கு அது உரிமைத் தகராறாகத்தான் தெரியும். காவல்துறை உரிமையைத் தீர்மானிக்காது. நடந்த செயலைத்தான் விசாரிக்கும். அதனால் மனு செயலில் தொடங்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அதன் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"2009ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரத்தின்படி எனக்குச் சொந்தமானதும், அது முதல் என் சுவாதீனத்தில் இருந்துவருவதுமான கீழ்க்கண்ட காலி மனைக்குள், 08.08.2025 வெள்ளிக்கிழமை இரவு, நான் ஊரில் இல்லாத நேரத்தில், போர்டில் கண்ட பெயருடைய நபரும் அடையாளம் தெரிந்த மேலும் சிலரும் அத்துமீறி நுழைந்து, நான் நட்டிருந்த 4 எல்லைக்கற்களைப் பிடுங்கி எறிந்து, கல்கால் நட்டு முள்வேலி அமைத்துள்ளனர். 10.08.2025 காலை சுமார் 11 மணிக்கு நான் கேட்டபோது, 'இந்தப் பக்கம் வந்தால் கை கால் இருக்காது' என்று மிரட்டினர்."

நாள், நேரம், செயல், சேதம், சொன்ன வார்த்தை, பார்த்த சாட்சி ஆகியவை போதும். நம் எடுத்துக்காட்டில் எதிரி "வராதீங்க" என்று மட்டும் சொன்னார். அப்படியானால் அதைத்தான் எழுத வேண்டும். கை கால் வாக்கியம் உண்மையாகவே சொல்லப்பட்டிருந்தால்தான் மனுவில் இடம்பெறலாம். சேர்த்து எழுதிய மிரட்டலை மளிகைக் கடைக்காரர் விசாரணையில் ஒரே வாக்கியத்தில் கவிழ்த்துவிடுவார்.

இன்னொன்று, கோபத்தில் பலர் எழுதும் ஒரு வரி: "தற்போது என் நிலம் முழுவதும் எதிரியின் சுவாதீனத்தில் உள்ளது." இந்த வரி பின்னால் உரிமையியல் வழக்கில் உங்கள் குறுக்கு விசாரணையில் அப்படியே வாசிக்கப்படும். காலி மனையைப் பொறுத்தவரை, உரிமை யாரிடமோ சுவாதீனமும் அவரிடமே என்பதுதான் சட்டத்தின் தொடக்க அனுமானம். 2008இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. உரிமையாளருக்குத் தெரியாமல் இரவில் வந்து போட்ட வேலி இரண்டே நாளில் நிலைபெற்ற சுவாதீனம் ஆகிவிடாது. சட்டம் உங்களுக்குக் கொடுத்த அந்த அனுமானத்தை நீங்களே எழுதிக்கொடுத்து இழக்க வேண்டியதில்லை. அதே சமயம், எதிரி கொட்டகை போட்டு, மின்இணைப்பு வாங்கி, எட்டு மாதமாகக் குடியிருக்கிறார் என்றால், சுவாதீனம் என்னிடமே இருக்கிறது என்று எழுதுவது பொய். நீதிமன்ற ஆணையர் வந்து பார்க்கும் அன்றே அது உடைந்துவிடும்.

மனுவைக் கொடுத்தால் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வரக் கூடாது. அது வழக்குப் பதிவு அல்ல, மனு பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. ஆனால் நீங்கள் எந்தத் தேதியில் எதிர்ப்புத் தெரிவித்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சுலபமான சான்று வேறில்லை. நிலையத்தில் வாங்க மறுத்தாலோ, வழக்குப் பதிய மறுத்தாலோ, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால், பிரமாணப் பத்திரத்தோடு நீதித்துறை நடுவரிடம் மனு செய்து, விசாரிக்கும்படி காவல்துறைக்கு உத்தரவு பெறலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பாமல் நேரே நடுவரிடம் போனால் மனு திரும்பி வரும்.

இவ்வளவும் நடந்து வழக்குப் பதிவானாலும், காவல்துறை வேலியைப் பிரித்து மனையை உங்கள் கையில் கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பலத்தைக் காட்டியோ மிரட்டியோ ஒருவரை வெளியேற்றியதாகக் குற்றம் நிரூபணமாகித் தண்டனை வந்த பிறகு, சுவாதீனத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி குற்றவியல் நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கு வருடங்கள் ஆகும். நடைமுறையில் வழக்குப் பதிவின் பயன் வேறு. காகிதம் இல்லாமல் துணிந்து பார்த்தவர், விசாரணைக்கு அழைப்பு வந்ததும் தாமாகவே கல்காலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவது உண்டு. அதே காரணத்தால், நிலையத்தில் உட்கார வைத்து "பாதி பாதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வாங்க முயன்றால் கையெழுத்துப் போடக் கூடாது. அது காவல்துறையின் வேலை அல்ல. அந்தக் காகிதமோ பின்னால் உங்கள் கழுத்தைச் சுற்றும்.

காகிதம் இருப்பவர்: இரண்டு விதம்

நம் எடுத்துக்காட்டில் வில்லங்கச் சான்று வேறு செய்தியைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மனையை 2023இல் ஒருவர் கிரையம் வாங்கியிருக்கிறார். இதைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது "போலிப் பத்திரம், மோசடி" என்பதுதான். கொஞ்சம் பொறுத்து, 2023ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகலை வாங்கி, எழுதிக்கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். காவல் நிலையமா நீதிமன்றமா என்பது அந்த ஒரு இடத்தில்தான் தீர்மானமாகிறது.

முதல் விதம்: எழுதிக்கொடுத்தவர் என்று உங்கள் பெயரே இருக்கிறது, ஆனால் படமும் கைரேகையும் வேறு ஒருவருடையவை. அல்லது நீங்கள் கொடுக்காத பவர் பத்திரத்தை வைத்து, உங்கள் முகவர் என்று சொல்லி ஒருவர் விற்றிருக்கிறார். இது ஆள்மாறாட்டமும் போலி ஆவணமும் சேர்ந்த கடுமையான குற்றம். மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக உருவாக்குவதற்கு நியாய சன்ஹிதாவின் 338ஆவது பிரிவில் ஆயுள் தண்டனை வரை இடம் இருக்கிறது. இதைச் "சிவில் மேட்டர்" என்று யார் சொன்னாலும் அது தவறு. பெரும்பாலும் உள்ளூர் நிலையத்தைவிட, மாவட்டக் குற்றப் பிரிவில் உள்ள நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்கோ, சென்னையில் மத்தியக் குற்றப் பிரிவுக்கோ போவது பொருத்தம்; தமிழ்நாட்டில் இந்தத் தனிப் பிரிவுகள் 2011 முதல் இயங்குகின்றன. கைரேகையை ஒப்பிடுவதும், சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்த அடையாள அட்டையைத் தேடுவதும் உங்களால் முடியாது. புலனாய்வு அதிகாரியால் முடியும்.

இரண்டாம் விதம்தான் அதிகம் ஏமாற்றுவது. 2009இல் உங்களுக்கு விற்றவர் இறந்துவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருப்பதைப் பார்த்த வாரிசுகள், "எங்கள் தகப்பனார் சொத்து" என்று சொல்லித் தங்கள் சொந்தப் பெயரிலேயே 2023இல் இன்னொருவருக்கு விற்றுவிட்டார்கள். இங்கே யாரும் ஆள்மாறாட்டம் செய்யவில்லை. கையெழுத்து அவர்களுடையதே. தமக்கு உரிமை இல்லாத சொத்தைத் தம்முடையது என்று சொல்லி ஒருவர் எழுதிக்கொடுக்கும் பத்திரம் சட்டப்படி "போலி ஆவணம்" ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் முகமது இப்ராகிம் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏமாற்றப்பட்டவர் யார் என்று பார்த்தாலும், பணம் கொடுத்து ஒன்றும் கிடைக்காமல் நிற்கிற புதிய கிரையதாரர்தான். உண்மையான உரிமையாளர் அல்ல. ஆகவே இந்த விதத்தில் நீங்கள் கொடுக்கும் மோசடிப் புகார் பலவீனமானது. வேலி போட்டவரும் தம்மிடம் உள்ள பத்திரத்தை நம்பி வந்தவர் என்பதால், அத்துமீறல் பிரிவும் தள்ளாடும். இங்கே விடை உரிமையியல் நீதிமன்றம்தான். காவல் நிலையத்தில் ஆறு மாதம் அலைவது காலத்தை எதிரிக்குக் கொடுப்பதாகவே முடியும்.

காகிதம் இல்லாமலேயே உரிமையியல் விஷயமாக இருப்பவையும் உண்டு. பக்கத்து மனைக்காரர் சுவர் எழுப்பும்போது இரண்டு அடி உள்ளே வந்துவிட்டார் என்றால், சர்வேயரை வரவழைத்து அளப்பதுதான் முதல் படி. அளந்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வழக்கு. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாத நிலத்தில் ஒருவர் வேலி போட்டால் அது பாகப்பிரிவினை வழக்கு. காவலுக்கு வைத்திருந்த ஆள் போக மறுத்தால், எத்தனை வருடம் இருந்தாலும் அவருக்குச் சொந்தச் சுவாதீனம் கிடையாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவரை வெளியேற்றும் உத்தரவை நீதிமன்றத்தில்தான் வாங்க வேண்டும்.

இடையில் இருக்கும் வழி: கோட்டாட்சியர்

இரண்டு தரப்பும் ஆள் கூட்டுகிறது, எந்த நேரமும் அடிதடி ஆகலாம் என்ற நிலை இருந்தால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆவது பிரிவு உதவும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆவது பிரிவைத்தான் இந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள். நிர்வாக நடுவராக இருக்கும் கோட்டாட்சியர் இரு தரப்பையும் அழைத்து, யாருக்கு உரிமை என்று பாராமல், யார் சுவாதீனத்தில் இருக்கிறார் என்பதை மட்டும் விசாரித்து, நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லும் வரை அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவிடுவார். ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரே சுவாதீனத்தில் இருப்பதாகக் கருதலாம் என்ற சலுகையும் இதில் உண்டு. ஆனால் அந்த வெளியேற்றம், தகவல் கோட்டாட்சியருக்குக் கிடைப்பதற்கு முந்தைய 2 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும்.

நீங்கள் நிலையத்தில் மனு கொடுத்த தேதி இந்தக் கணக்கில் உதவாது. நம் எடுத்துக்காட்டில் வேலி போட்டது ஆகஸ்ட் 8. நிலையத்திலிருந்து அறிக்கை போகட்டும் என்று காத்திருந்து, அது அக்டோபர் கடைசியில் போய்ச் சேர்ந்தால் அந்தச் சலுகை கைநழுவிவிடும். அதனால் கோட்டாட்சியருக்கு நீங்களே நேரடியாக ஒரு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. உரிமையியல் நீதிமன்றத்தில் சுவாதீனம் பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்தால், இந்த நடவடிக்கையை இணையாக ஓட்ட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் எந்தக் கோரிக்கை

தோற்றுப்போகும் வழக்குகள் பலவும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. கேட்க வேண்டியதைக் கேட்காமல், செலவு குறைந்ததைக் கேட்பது. வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது எதிரி என் சுவாதீனத்தில் தலையிடக் கூடாது என்ற கோரிக்கை, கட்டணம் குறைவாகவும் எழுதச் சுலபமாகவும் இருக்கும். உரிமையில் தகராறு இல்லை, சுவாதீனம் உங்களிடம் இருக்கிறது, எதிரி உள்ளே வர முயல்கிறார் என்ற நிலையில் அது போதும். எதிரி தமக்கென ஒரு பத்திரத்தைக் காட்டினால் உரிமை மேகமூட்டம் ஆகிவிடுகிறது. அப்போது உரிமை விளம்புகையும், அதாவது சொத்து எனக்கே உரியது என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையும், சேர்த்துக் கேட்க வேண்டும். எதிரி உள்ளே நிலைத்துவிட்டார் என்றால் விளம்புகையோடு சுவாதீன மீட்பையும் கேட்க வேண்டும். மேலே சொன்ன 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரம் இதுவே.

நம் எடுத்துக்காட்டில் மனையின் சந்தை மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் உள்ள 3 சதவீதக் கணக்கில், விளம்புகையும் சுவாதீன மீட்பும் கேட்கும் வழக்குக்கு முழு மதிப்பின் மேல் 60,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் வரும். விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் மட்டும் என்றால் பாதி மதிப்பின் மேல், 30,000 ரூபாய். இந்தத் தொகைக்குத் தயங்கி வெறும் உறுத்துக்கட்டளை கேட்டு, நான்கு வருடம் கழித்து "விளம்புகை கேட்கவில்லை, வழக்கு நிலைக்கத்தக்கதல்ல" என்று தள்ளுபடி வாங்கியவர்கள் பலர்.

வெளியேற்றப்பட்டு 6 மாதம் தாண்டவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 6ஆவது பிரிவில், உரிமையை நிரூபிக்காமலேயே, நான் சுவாதீனத்தில் இருந்தேன், என் சம்மதம் இல்லாமல், சட்ட வழிமுறை இல்லாமல் வெளியேற்றினார்கள் என்பதை மட்டும் காட்டி மனையைத் திரும்பப் பெறலாம். எதிரி தமக்குத்தான் உரிமை என்று வாதாடினாலும் இந்த வழக்கில் எடுபடாது. தீர்ப்பின் மேல் மேல்முறையீடும் கிடையாது. நம் எடுத்துக்காட்டில் 08.02.2026க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். பத்திரத் தொடர்ச்சியில் பட்டா மாற்றாதது போன்ற ஓட்டைகள் இருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். இத்தனை நல்ல வழியாக இருந்தும் இதை அதிகம் யாரும் பயன்படுத்துவதில்லை; காவல் நிலையத்துக்கு நடந்தே ஆறு மாதமும் ஓடிவிடுவதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

அதையும் தவறவிட்டால் உரிமையின் அடிப்படையில் வழக்குப் போட 12 ஆண்டு இருக்கிறது. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடையறாமல் 12 ஆண்டு ஒருவர் இருந்துவிட்டால் உங்கள் உரிமையே அற்றுப்போகும்.

தாக்கல் செய்த பிறகு

வழக்குரையான பிராதோடு இரண்டு இடைக்கால மனுக்கள் போக வேண்டும். ஒன்று, வழக்கு முடியும் வரை கட்டடம் எழுப்பவோ விற்கவோ கூடாது என்று இடைக்கால உறுத்துக்கட்டளை கேட்பது. அவசரம் இருந்தால் எதிரியை அழைக்காமலேயே நீதிமன்றம் அதைத் தரக்கூடும். அப்படித் தந்தால் உத்தரவு, பிராது, ஆவணம் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செய்யாததாலேயே நல்ல உத்தரவுகள் ரத்தாகின்றன. மற்றொன்று, வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, சர்வேயர் துணையோடு மனையைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொல்வது. வேலி புதியதா, கொட்டகை இருக்கிறதா, புலப்படத்தின்படி மனை எங்கே விழுகிறது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வந்துவிடும். பிராதின் சொத்து விவரத்தில் நான்கு எல்லையும், உட்பிரிவான புதிய சர்வே எண்ணும் சரியாக இல்லையென்றால் ஆணையர் வேறு மனையை அளந்துவிட்டுப் போவார். இது நகைச்சுவை அல்ல, நடப்பது.

இந்த நிலையில் காவல்துறை மறுபடியும் கதைக்குள் வருகிறது. நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை நிலையத்தில் கொடுத்து, அதை மீறி எதிரி கட்டட வேலை செய்தால், "சிவில் மேட்டர்" என்ற பதிலுக்கு இடம் குறைகிறது. மீறியவர் மீது அதே நீதிமன்றத்தில் மனு செய்தால் சொத்து ஜப்தி, சிறை வரை போகும். தேவையானால் காவல் பாதுகாப்பு கொடுக்கும்படி உத்தரவும் கேட்கலாம். குற்ற வழக்கும் உரிமையியல் வழக்கும் ஒரே சமயத்தில் நடப்பதற்குத் தடை இல்லை. ஒன்றில் சொன்னதற்கு மாறாக மற்றொன்றில் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பு வந்த பின்பும் எதிரி போகவில்லை என்றால், நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனா மூலம் சுவாதீனம் எடுக்க வேண்டும். அமீனா வரும் நாளில் சர்வேயரும், பக்கத்து மனைக்காரர்கள் இருவர் சாட்சியாகவும் இருக்க வேண்டும். சுவாதீன ரசீதில் அளவும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். அந்த ரசீதையும் தீர்ப்பின் நகலையும் எடுத்துக்கொண்டு, 2009இல் விட்டுப்போன பட்டா மாறுதலுக்கு அந்த வாரமே விண்ணப்பித்துவிட வேண்டும்.